வெளியீட்டுக்கு முன்பே சிலர்: டெவ்லாக் யாரைக் கூட்டி வருகிறது?

2012 நவம்பரில், ஜப்பானில் வசித்துவந்த லூகஸ் போப் என்ற அமெரிக்கர், தான் அப்போதுதான் தொடங்கியிருந்த ஒரு கணினி விளையாட்டைப் பற்றி டிக்சோர்ஸ் என்ற தளத்தில் எழுத ஆரம்பித்தார். தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ சேர்ந்து விளையாட்டுகள் செய்பவர்கள் கூடிய இடம் அது. அவர் சொன்ன விளையாட்டு யாரையும் துள்ளி எழச் செய்யக்கூடியது இல்லை. நீங்கள் ஒரு கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வரிசையில் வருபவர்களின் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்து, முத்திரை குத்துகிறீர்கள். சம்பளத்தில் குடும்பம் நடத்த வேண்டும். அவ்வளவுதான். ஒன்பது மாதம் கழித்து, 2013 ஆகஸ்ட் 8-ஆம் தேதி, ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ விற்பனைக்கு வந்தபோது அதற்காகக் காத்திருந்த ஒரு கூட்டம் இருந்தது. அடுத்த ஆண்டு சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் தலையாய பரிசும் கிடைத்தது.

ஒரு விளையாட்டை உருவாக்கும்போதே அதன் வேலையைப் பற்றித் தொடர்ந்து எழுதிவருவதற்கு டெவ்லாக் என்று பெயர். காசில்லாத சிறிய குழுக்களுக்குத் தரப்படும் அறிவுரைகளில் ‘டெவ்லாக் எழுது’ என்பது தவறாமல் இருக்கும். அதே சமயம், எழுதிக் களைத்துப்போய் ‘ஒரு பயனும் இல்லை, என்னைப் போன்ற டெவலப்பர்கள்தான் படிக்கிறார்கள்’ என்று நிறுத்திவிட்டவர்களும் நிறைய. இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. எந்த மாதிரி டெவ்லாக், எந்த வாசகரை, எந்த நேரத்தில் கொண்டுவருகிறது என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் இந்த முரண் விளங்கும்.

போப்பின் கதைக்கே திரும்புவோம். அந்த ஒன்பது மாதத்தில் நடந்ததை உற்றுப் பார்த்தால், அவர் எழுதியது மட்டும் அல்ல, எழுத்தோடு சேர்த்து வாசகர் கையில் எதையாவது கொடுத்துக்கொண்டே இருந்தார் என்பது தெரியும். சாவடிக்கு வரும் பயணிகளுக்கு நூற்றுக்கணக்கில் பெயர்கள் தேவைப்பட்டன. அவற்றைத் தானே யோசித்து எழுதாமல், யார் வேண்டுமானாலும் பெயர் அனுப்பலாம் என்று ஒரு படிவத்தைத் திறந்துவிட்டார். ஆயிரக்கணக்கில் வந்தன. விளையாட்டாக அனுப்பப்பட்ட பெயர்களைக் கழித்துவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டார். தன் பெயர் அந்தச் சாவடியில் ஒருநாள் கூப்பிடப்படுமோ என்று நினைக்கிற ஒருவர், வெளியீட்டு நாளில் அந்த விளையாட்டைத் திறந்து பார்க்காமல் இருப்பாரா? பெயர்ப் பட்டியல் கிடைத்தது ஒரு லாபம். பெயர் அனுப்பியவர் கிடைத்தது அதைவிடப் பெரிய லாபம்.

இரண்டாவதாக, முழுமையாகாத பீட்டா வடிவத்தை 2013-இன் தொடக்கத்திலேயே பொதுவில் விட்டார். யூடியூபில் விளையாடிக்காட்டுபவர்கள் அதை எடுத்தார்கள். எல்லைச் சாவடி விளையாட்டு என்று வாக்கியத்தில் சொன்னால் சுவாரஸ்யம் இல்லை. ஆனால் ஒரு தாய் சரியான அனுமதிச் சீட்டு இல்லாமல் நிற்கும்போது விளையாடுபவர் திணறுவதை நேரில் பார்த்தால் உடனே புரிந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் ஸ்டீம் கடைக்குள் நுழைய கிரீன்லைட் என்ற வாக்கெடுப்பைக் கடக்க வேண்டியிருந்தது. 2013 ஏப்ரலில் அதற்கு விண்ணப்பித்த போப் அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரிய கூட்டத்தை டெவ்லாக் நேரடியாகக் கொண்டுவரவில்லை. அதைக் கொண்டுவந்தவை பீட்டாவும் வீடியோக்களும்தான். ஆனால் பீட்டாவை முதலில் எடுத்து விளையாடி, எங்கே குழம்புகிறது என்று சொல்லி, நாலு பேரிடம் பேச ஒரு சிறு கும்பல் முன்கூட்டியே இருந்தது. டெவ்லாக்கின் வேலை அந்தச் சிறு கும்பலைச் சேர்ப்பது. சில நூறு பேர் போதும். அந்தச் சில நூறு பேரால் ஒரு விளையாட்டை வாழவைக்க முடியாது. ஆனால் டெமோ வெளிவரும் நாளிலும் விற்பனைக்கு வரும் நாளிலும் கடை காலியாக இல்லாமல் பார்த்துக்கொள்ள முடியும். அதற்கு மேல் டெவ்லாக்கிடம் எதிர்பார்ப்பவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள்.

சரி, அந்தச் சில நூறு பேர் யார்? போப்பின் அடுத்த விளையாட்டான ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ இதற்கு நல்ல பாடம். அதன் டெவ்லாக் 2014-இல் தொடங்கி, விளையாட்டு வெளியான 2018 அக்டோபர் வரை நீண்டது. ஆள் இல்லாமல் கரைக்கு வந்து சேர்ந்த ஒரு கப்பலில் ஒவ்வொருவருக்கும் என்ன நேர்ந்தது என்று கண்டுபிடிக்கும் கதை. படம் முழுவதும் இரண்டே நிறம். பழைய மெக்கின்டாஷ் திரையைப் போல. சாம்பல் நிறம் வேண்டிய இடத்தில் வெளிச்சப் புள்ளிகளையும் இருட்டுப் புள்ளிகளையும் கலந்து தூவிச் சமாளிக்க வேண்டும். அச்சுத் தொழிலில் புகைப்படத்தைச் சிறு புள்ளிகளாக உடைப்பது போன்ற வேலை இது.

படம் அசையாமல் இருக்கும்வரை இது அழகாக இருக்கும். பார்வை திரும்பும்போதுதான் சிக்கல். புள்ளிகளின் வரிசை திரையோடு ஒட்டிக்கொண்டு நிற்க, காட்சி மட்டும் அதன் அடியில் நகரும். கண் முன்னால் மணல் கொதிப்பது போல் திரை முழுவதும் மினுமினுக்கும். புள்ளிகளைக் காட்சியில் உள்ள சுவர், தரை ஆகியவற்றோடு ஒட்டிவிட்டால் தொலைவில் உள்ள சுவரில் புள்ளிகள் நசுங்கும், பக்கத்தில் உள்ளதில் ஊதிப் பெருகும். கடைசியில், பார்ப்பவரின் தலையைச் சுற்றி ஒரு கண்ணுக்குத் தெரியாத உருண்டை இருப்பதாக வைத்துக்கொண்டு, புள்ளிகளை அந்த உருண்டையின் மேல் பதித்தார் போப். தலையைத் திருப்பினால் காட்சியும் புள்ளிகளும் ஒன்றாகத் திரும்பும். நடக்கும்போது கொஞ்சம் வழுக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இதை 2017 நவம்பரில் ஒரே நீண்ட பதிவாக எழுதினார். தோற்றுப்போன முயற்சிகளையும் அசையும் படங்களாக அடுக்கியிருந்தார். வரைகலை நிரலாளர்கள் இன்றும் அந்தப் பதிவைத் தேடிப் போய்ப் படிக்கிறார்கள். டெவ்லாக் எழுத்தில் நான் மிகவும் மதிக்கும் பதிவு இது. ஒரு சிக்கல், அதன் காரணம், தவறிய வழிகள், ஓரளவு சரியான வழி, மிச்சமிருக்கும் குறை என்று ஒரே நூலில் போகிறது.

ஆனால் கவனியுங்கள். இந்தப் பதிவு யாரைக் கூட்டி வந்தது? பெரும்பாலும் நிரல் எழுதுபவர்களை. கப்பலில் நடந்த மரணங்களின் மர்மத்தை அவிழ்க்க ஆசைப்படும் ஒருவருக்கு உருண்டையின் மேல் பதித்த புள்ளிகளால் ஆவது ஒன்றுமில்லை. நல்லவேளையாக இந்த விளையாட்டில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அந்த இருநிறத் திரைதான் விளையாட்டின் முகம். அதைக் காட்டும் எந்தப் படமும் விளையாட்டின் விளம்பரமாகவே இருந்தது. உங்கள் விளையாட்டில் அப்படி இருக்காமல் போகலாம். சரக்குப் பட்டியலைச் சேமிக்கும் முறையை நீங்கள் எவ்வளவு நேர்த்தியாக மாற்றி எழுதினாலும், அந்தப் பதிவைப் படித்துப் பாராட்டுபவர் தானும் ஒரு விளையாட்டுக்காகச் சரக்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருப்பவர். அவர் நல்லவர், அவரோடு பேசுவதில் இன்பமும் இருக்கிறது. உங்கள் விளையாட்டை வாங்குவது அவருடைய தேவை அல்ல.

‘டெவலப்பர்கள்தான் படிக்கிறார்கள்’ என்ற புலம்பலின் வேர் இதுதான். டெவ்லாக் என்ற வடிவத்தின் மேல் குறை சொல்ல முடியாது. பதிவின் கேள்வி யாருடைய கேள்வியாக இருக்கிறது என்பதே முடிவு செய்கிறது. ‘இதை எப்படிச் செய்தேன்’ என்று எழுதினால் செய்பவர்கள் வருவார்கள். ‘விளையாடும்போது இது என்னவாகப் படவேண்டும், ஏன் இன்னும் அப்படிப் படவில்லை’ என்று எழுதினால் விளையாடுபவர்கள் வருவார்கள். வேலை இரண்டிலும் ஒன்றுதான்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தனியாக, இரவில் ஆற்றைக் கடக்கும் ஒரு படகோட்டியின் விளையாட்டைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பயணிகள் ஏறுவார்கள், பேசுவார்கள். நீரோட்டத்தைப் பார்த்துப் படகைச் செலுத்த வேண்டும். நண்பர்கள் ஐந்து பேரிடம் விளையாடக் கொடுத்ததில் நான்கு பேர் நீரோட்டத்தைக் கவனிக்கவே இல்லை. படகு ஏன் இடப்பக்கம் இழுக்கிறது என்று புரியாமல் ‘கட்டுப்பாடு சரியில்லை’ என்றார்கள். இந்த வாரம் அவர் எழுதப்போகும் பதிவு இதைப் பற்றித்தான்.

முதல் பத்தியில் அந்த நான்கு பேர் சொன்னதை அப்படியே வைக்கிறார். அடுத்து அவர் செய்து பார்த்தது: தண்ணீரின் மேல் அம்புக்குறி வரைந்தார். புரிந்தது, ஆனால் ஆற்றின் இருட்டு போய்விட்டது. போக்குவரத்துக் காவலரின் சாலை போல் ஆகிவிட்டது. பிறகு அம்புகளை எடுத்துவிட்டு நீரோட்டத்தில் இலைகளை மிதக்கவிட்டார். இலைகள் விளக்கு வெளிச்சம் படும் வட்டத்துக்குள் மட்டும் தெரிகின்றன. எனவே விளக்கை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதே இப்போது ஒரு முடிவாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி அசையும் படம். கடைசியில் தீராத கேள்வி: விளக்கை ஆற்றின் மேல் பிடித்தால் பயணியின் முகம் இருட்டில் போகிறது, அவர் பொய் சொல்கிறாரா என்று பார்க்க முடிவதில்லை. ‘நீங்களாக இருந்தால் விளக்கை எங்கே பிடிப்பீர்கள்?’

இந்தப் பதிவில் நிரலின் ஒரு வரிகூட இல்லை. ஆனால் படித்தவர் விளையாட்டின் உயிர்நாடியைத் தெரிந்துகொண்டுவிட்டார். மனதுக்குள் ஒருமுறை விளையாடியும்விட்டார். பதில் எழுதுவதற்கு அவருக்கு எந்தத் தொழில்நுட்ப அறிவும் தேவையில்லை. நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் ‘தொடரும்’ என்று நிறுத்திய இடத்தில் வாசகர் அடுத்து என்ன நடக்கும் என்று யோசித்தார். டெவ்லாக்கில் நிறுத்த வேண்டிய இடம் வேறு. இன்னும் முடிவெடுக்காத ஒரு முடிவின் முன்னால் நிறுத்த வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஏற்கனவே முடிவெடுத்துவிட்ட ஒன்றைக் கேள்வி போல வைக்காதீர்கள். அடுத்த பதிவிலேயே வாசகர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். பிறகு பதில் வராது.

வந்தவர்களை எங்கே உட்காரவைப்பது என்பது அடுத்த கேள்வி. பலர் தடுமாறும் இடம் இதுதான், ஆனால் பதில் எளிது. டெவ்லாக்கைப் படித்து ரசித்த ஒருவர் எட்டு மாதம் கழித்து உங்கள் விளையாட்டின் பெயரை நினைவில் வைத்திருக்கமாட்டார். அவர் சார்பில் நினைவு வைத்திருக்க ஓர் ஏற்பாடு வேண்டும். ஸ்டீமில் அதற்கு விஷ்லிஸ்ட் இருக்கிறது. ஒருவர் உங்கள் விளையாட்டை விஷ்லிஸ்டில் சேர்த்தால், அது வெளியாகும் நாளில் ஸ்டீமே அவருக்கு மின்னஞ்சல் அனுப்பும். பின்னால் 20 சதவீதமோ அதற்கு மேலோ தள்ளுபடி விட்டாலும் அனுப்பும். இதற்கு விளையாட்டின் கடைப் பக்கம் திறந்திருக்க வேண்டும். வெளியீட்டுக்குக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன் ‘விரைவில்’ என்ற பக்கம் இருந்தாக வேண்டும் என்பது ஸ்டீமின் விதி. ஆனால் அது கீழ் வரம்பு. மாதக்கணக்கில் முன்னதாகவே திறக்கலாம். டெவ்லாக்கை ஆறு மாதம் எழுதிவிட்டுக் கடைசியில் பக்கத்தைத் திறப்பவர், ஆறு மாதம் விருந்துக்கு அழைத்துவிட்டு வாசல் கதவைப் பூட்டி வைத்திருந்தவர்.

பக்கம் திறந்தபின், எந்தப் பதிவு ஆட்களைக் கொண்டுவருகிறது என்று அளக்க முடியும். கடைப் பக்கத்துக்குக் கொடுக்கும் இணைப்பின் கடைசியில் ஓர் அடையாளத்தைச் சேர்த்தால் ஸ்டீம் தன் கணக்கில் அதைத் தனியாகக் காட்டும்:

```
https://store.steampowered.com/app/<app-id>/?utm_source=devlog&utm_campaign=05
```

கடைசி எண்ணைப் பதிவுக்குப் பதிவு மாற்றிக்கொள்ள வேண்டும். நம் படகோட்டி விளையாட்டில், தண்ணீரின் அலையை நிரலில் எப்படிச் செய்தார் என்ற மூன்றாம் பதிவிலிருந்து 900 பேர் கடைக்கு வந்து 9 பேர் விஷ்லிஸ்டில் சேர்த்தார்கள் என்று வையுங்கள். விளக்கை எங்கே பிடிப்பது என்ற ஐந்தாம் பதிவிலிருந்து 250 பேர் வந்து 40 பேர் சேர்த்தார்கள். இவை விளக்கத்துக்காக நான் போட்ட எண்கள். ஆனால் உங்கள் கணக்கில் இப்படி ஒரு வித்தியாசம் தெரிந்தால் அது சொல்வது ஒன்றே. வந்தவர் தொகையைப் பார்த்து மயங்கி மூன்றாம் பதிவைப் போல இன்னும் நான்கு எழுதக்கூடாது. இந்த அளவீட்டுக்கு ஒரு வரம்பும் உண்டு. பதிவைப் படித்துவிட்டு, இணைப்பைச் சொடுக்காமல், மறுநாள் ஸ்டீமில் பெயரைத் தேடி வந்து சேர்ப்பவர் இந்தக் கணக்கில் விழமாட்டார். ஆகவே எண்ணை ஒரு பதிவோடு இன்னொரு பதிவை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்களைவிட எனக்கு நம்பிக்கை தருவது வேறொன்று: திரும்பி வரும் பெயர்கள். ஐந்தாம் பதிவில் பதில் எழுதியவர்களில் எத்தனை பேர் ஏழாவதிலும் எழுதுகிறார்கள்? பன்னிரண்டு பேர் என்றால் டெவ்லாக் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதுப் பெயர்களே வந்து போகின்றன என்றால், எவ்வளவு பேர் படித்தாலும் ஒரு கூட்டம் சேரவில்லை.

காலத்தின் ஒழுங்கைப் பற்றியும் பேச வேண்டும். ஒழுங்குக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ‘ஃபேக்டோரியோ’. பிராகில் இருக்கும் வூப் சாஃப்ட்வேர் குழு 2013 தொடக்கத்தில் இண்டிகோகோவில் சுமார் 21,000 யூரோ திரட்டி வேலையைத் தொடர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் ‘ஃப்ரைடே ஃபேக்ட்ஸ்’ என்று வெள்ளிக்கிழமைதோறும் எழுத ஆரம்பித்தது. ஸ்டீமில் முன் அணுகல் வடிவமாக விளையாட்டு 2016 பிப்ரவரியில் வந்தது; 1.0 வடிவம் 2020 ஆகஸ்டில். அதற்குள் 350-க்கும் மேற்பட்ட வெள்ளிக்கிழமைகள். கன்வேயர் பெல்ட் எப்படி வேகமாக்கப்பட்டது, ரயில் ஏன் தவறான பாதையில் போனது என்று எழுதினார்கள். இது தொழில்நுட்பம் ஆயிற்றே, விளையாடுபவர் ஏன் படித்தார்? ஏனென்றால் ஃபேக்டோரியோ விளையாடுபவர் தன் தொழிற்சாலையில் செய்வதும் அதே வேலைதான். பெல்ட்டின் வேகம் அவருடைய சொந்தக் கவலை. இந்த விளையாட்டில் டெவலப்பரின் கேள்வியும் விளையாடுபவரின் கேள்வியும் ஒன்று.

இந்த உதாரணத்தைப் பார்த்து வாராவாரம் எழுதத் துணியும் தனி ஆளுக்கு நான் ‘வேண்டாம்’ என்றே சொல்வேன். வூப் ஒரு குழு. அவர்கள் விளையாட்டு ஏற்கனவே விலைக்குக் கிடைத்தது, படிப்பவர் கையில் அது இருந்தது. ஒரு நல்ல பதிவுக்கு, அசையும் படங்கள் எடுப்பது உட்பட, ஒரு முழு நாள் ஆகும். வாரம் ஒன்று என்றால் வேலை நாளில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மூன்று வாரத்துக்கு ஒன்று என்றால் பதினைந்து வேலை நாளில் ஒன்று, அது தாங்கும். எட்டு மாதத்தில் பதினொன்றோ பன்னிரண்டோ பதிவு வரும். போப்பே ஓப்ரா டின் காலத்தில் நீண்ட இடைவெளிகள் விட்டிருக்கிறார். வாசகர் இடைவெளியை மன்னிப்பார். சொன்ன நாளில் வராமல், வந்தபோது ‘மன்னிக்கவும், பிஸி’ என்று ஒரு பத்தி மட்டும் போடுவதைத்தான் மன்னிப்பதில்லை.

டெவ்லாக்கில் நேரும் கெடுதல்களில் மிகப் பெரியது வாக்குறுதி. ‘அடுத்து இரண்டு பேர் சேர்ந்து விளையாடும் வசதியும் வருகிறது’ என்று உற்சாகத்தில் எழுதிவிட்டால், நான்கு மாதம் கழித்து அதை நீக்கும்போது அந்த ஒரு வாக்கியத்துக்காகவே காத்திருந்தவர்கள் ஏமாறுவார்கள். அவர்களுடைய விமர்சனம் முதல் நாளிலேயே கடைப் பக்கத்தில் ஏறும். பாதுகாப்பான வழி எளிது: திரையில் ஓடிக்கொண்டிருப்பதை மட்டும் எழுதுவது. தேதிக்கும் இதுவே பொருந்தும். கதை சார்ந்த விளையாட்டுகளில் இன்னொரு ஆபத்து, முடிச்சுகளை நாமே அவிழ்த்துவிடுவது. படகோட்டி விளையாட்டில் முதல் இரவின் பயணிகளை எவ்வளவு வேண்டுமானாலும் காட்டலாம். ஏழாம் இரவில் ஏறுபவர் யார் என்பதை டெவ்லாக்கில் தொடவே கூடாது.

எட்டு மாதத்தின் முடிச்சு டெமோவில் இருக்கிறது. ஸ்டீம் ஆண்டுக்கு மூன்று முறை நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற டெமோ விழாவை நடத்துகிறது. ஒரு விளையாட்டு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அதில் கலந்துகொள்ள முடியும். டெவ்லாக் கூட்டத்தின் உண்மையான பயன் இங்கேதான். விழாவுக்குச் சில வாரம் முன்பே டெமோவை அந்தச் சில நூறு பேரிடம் கொடுங்கள். எந்த இடத்தில் விட்டுவிட்டு எழுந்துபோகிறார்கள் என்று பாருங்கள். நான்கில் மூன்று பேர் இரண்டாம் பயணி ஏறும் முன்னாலேயே நிறுத்துகிறார்கள் என்றால், அந்தக் குறையோடு விழாவுக்குப் போவது கிடைத்த ஒரே வாய்ப்பை வீணாக்குவது. போப்பின் பீட்டா 2013-இல் செய்த வேலை இதுதான்.

ஒரு நேர்மையான குறிப்பும் வேண்டும். நாம் பேசியவை எல்லாம் வென்ற விளையாட்டுகள். இதே அளவு உழைத்து எழுதப்பட்டு யார் கண்ணிலும் படாமல் போன டெவ்லாக்குகள் எத்தனையோ. அவற்றைப் படித்துப் பார்த்தால், பலவற்றில் எழுத்து நன்றாகவே இருக்கும். விளையாட்டைப் பார்த்ததும் அது என்ன என்று புரியாது. ஒரு படம் பார்த்துப் புரியாத விளையாட்டை டெவ்லாக்கால் காப்பாற்ற முடியாது என்பது என் துணிபு. ஆனால் அப்படிப் புரியவில்லை என்பதை எட்டு மாதம் முன்பே உங்களுக்குச் சொல்லிவிடக்கூடியதும் அதுவே. மூன்றாவது பதிவுக்குப் பிறகும் ‘இதில் நாம் என்ன செய்ய வேண்டும்?’ என்றே வாசகர்கள் கேட்டுக்கொண்டிருந்தால், பதிவைத் திருத்தாதீர்கள், விளையாட்டைத் திருத்துங்கள்.

விளையாட்டு செய்துகொண்டிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் பதிவை எழுதும் முன் கடைப் பக்கத்தைத் திறந்துவிடுங்கள். பிறகு, சென்ற வாரம் யாராவது உங்கள் விளையாட்டில் எங்கே தடுமாறினார் என்பதிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.